விடுப்புக் கடிதத்தில் ஒப்பந்தப் பிரிவை மேற்கோள் காட்டுவது: ஒரு துக்க விடுப்பை வைத்து விளக்கம்

சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் பலருக்கு முதல் ஆண்டில் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. வீட்டில் யாராவது இறந்துவிட்டால் சம்பளத்துடன் விடுப்பு கொடுத்தே ஆகவேண்டும் என்று இங்கே எந்தச் சட்டமும் சொல்வதில்லை. ஆண்டு விடுப்பு, மருத்துவ விடுப்பு, பொது விடுமுறை எல்லாம் வேலை நியமனச் சட்டத்தில் இருக்கின்றன. ‘கம்பாஷனேட் லீவ்’ என்று அலுவலகங்களில் சொல்லும் துக்க விடுப்பு அதில் இல்லை. கல்யாணத்துக்கான விடுப்பும் சம்பளமில்லா விடுப்பும் அப்படித்தான். அவை உங்களுக்கு உண்டா, எத்தனை நாள், யார் இறந்தால் என்பதெல்லாம் உங்கள் ஒப்பந்தத்திலோ நிறுவனத்தின் விடுப்புக் கொள்கையிலோ இருக்கும் இரண்டு மூன்று வரிகளில்தான் அடங்கியிருக்கிறது.

அதனால்தான் இந்தக் கட்டுரைக்குத் துக்க விடுப்பை எடுத்துக்கொள்கிறேன். விண்ணப்பத்தில் சரியான பிரிவை எடுத்துக்காட்டுவது இங்கேதான் அதிகம் பலன் தரும். விடுப்பு விண்ணப்பங்களைப் படித்து ஒப்புதலுக்கு அனுப்பும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். “தயவுசெய்து கருணை காட்டுங்கள்” என்று ஒரு பக்கம் எழுதியிருக்கும் கடிதத்தை என்னால் மேலதிகாரியிடம் நகர்த்த முடியாமல் போனதுண்டு. “கையேடு பிரிவு 6.3இன்படி” என்று தொடங்கும் நான்கு வரிக் கடிதம் பத்து நிமிடத்தில் ஒப்புதலாகித் திரும்பியதும் உண்டு. ஒப்புதல் தருபவருக்கு மனம் இருந்தாலும், தன் முடிவை நிறுவனத்தில் நியாயப்படுத்த ஒரு பிடி வேண்டும். அந்தப் பிடியைத்தான் நீங்கள் எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

முதலில் தாள்களைச் சேர்த்து வையுங்கள்

விடுப்பு பற்றிய விதி ஒரே இடத்தில் இருக்காது. பொதுவாக மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கும். ஒன்று, நீங்கள் கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தம் அல்லது ஆஃபர் லெட்டர். இரண்டாவது, ‘கீ எம்ப்ளாய்மென்ட் டெர்ம்ஸ்’ எனப்படும் முக்கிய வேலை நிபந்தனைகள். 2016 ஏப்ரல் 1 முதல் இவற்றை எழுத்தில் தருவது கட்டாயம். வேலையில் சேர்ந்த 14 நாட்களுக்குள் உங்கள் கையில் இருக்க வேண்டும், விடுப்பு வகைகளும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவது, ஊழியர் கையேடு, அதாவது ‘ஹேண்ட்புக்’. நுணுக்கமான விதிகள் பெரும்பாலும் கையேட்டில்தான் இருக்கும். ஒப்பந்தத்தில் “விடுப்பு, நிறுவனத்தின் நடப்புக் கொள்கைக்கு உட்பட்டது” என்று ஒரு வரி மட்டும் இருக்கும்.

அந்த ‘நடப்பு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கையேட்டை நிறுவனம் அவ்வப்போது மாற்றும். நீங்கள் சேர்ந்தபோது கொடுத்த பிரதியில் 6.3 என்று இருந்தது இப்போது 7.2 ஆகியிருக்கலாம், நாட்களின் எண்ணிக்கையும் மாறியிருக்கலாம். பழைய பிரதியை மேற்கோள் காட்டினால் எச்ஆர் முதலில் அந்தப் பிழையைத்தான் பிடிப்பார்கள், உங்கள் கோரிக்கை பின்னுக்குப் போய்விடும். அதனால் அட்டையில் இருக்கும் தேதியையோ பதிப்பு எண்ணையோ பார்த்துக்கொள்ளுங்கள், கடிதத்திலும் அதைக் குறிப்பிடுங்கள்.

இன்னொன்று: கையேடு அலுவலகக் கணினியில் மட்டும் திறக்கும் நிறுவனங்கள் உண்டு. இரவு பதினொரு மணிக்கு ஊரிலிருந்து போன் வரும்போது அந்தப் பக்கத்தைத் தேட முடியாது. விடுப்பு அத்தியாயத்தையும், முன்னால் இருக்கும் ‘விளக்கங்கள்’ பக்கத்தையும் இன்றைக்கே போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிவைத் துண்டு துண்டாகப் படியுங்கள்

இனி ஓர் உதாரணத்தோடு போவோம். ஒரு தம்பி எஸ் பாஸில் வந்து 2025 பிப்ரவரி 3 அன்று ஜூரோங் பக்கம் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஐந்து நாள் வேலை, மாதச் சம்பளம் 3,450 வெள்ளி, ஆறு மாதம் புரொபேஷன். ஜூலை 8 செவ்வாய் இரவு, புதுக்கோட்டையில் அவருடைய மாமனார் இறந்துவிட்டார். மனைவி ஊரில் இருக்கிறார், மைத்துனர் இல்லாத வீடு. பதினாறாம் நாள் காரியம் ஜூலை 23 அன்று வருகிறது. அதுவரை இருந்து முடித்துவிட்டு 25ஆம் தேதி வேலைக்குத் திரும்ப நினைக்கிறார்.

அவருடைய கையேட்டில் நமக்கு வேண்டிய பகுதிகள் இவை. அசல் ஆங்கிலத்தில் இருக்கும், இங்கே பொருளைத் தமிழில் தருகிறேன்.

பிரிவு 1.1: “பணியாளர் என்பது புரொபேஷனில் உள்ளவரையும் உள்ளடக்கும்.”

பிரிவு 1.2: “நெருங்கிய குடும்பத்தார் என்பது கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர், கணவர் அல்லது மனைவியின் பெற்றோர்.”

பிரிவு 6.1: “ஆண்டு விடுப்பு 14 நாள். பணி உறுதி செய்யப்படும்வரை ஆண்டு விடுப்பு கிடையாது. அவசர நிலை தவிர, 14 நாள் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.”

பிரிவு 6.3: “நெருங்கிய குடும்பத்தார் இறந்தால் பணியாளருக்கு 3 வேலை நாள் வரை சம்பளத்துடன் துக்க விடுப்பு வழங்கப்படும். இறுதிச் சடங்கு சிங்கப்பூருக்கு வெளியே நடந்தால், துறைத் தலைவரின் முடிவுக்கு உட்பட்டு மேலும் 2 வேலை நாள் வழங்கப்படலாம். விடுப்பைத் தொடர்ச்சியாக எடுக்க வேண்டும். வேலைக்குத் திரும்பிய 7 நாட்களுக்குள் ஆவணச் சான்று தர வேண்டும்.”

பிரிவு 6.8: “சம்பளமில்லா விடுப்பு நிறுவனத்தின் முடிவுக்கு உட்பட்டது.”

முதல் பார்வையில் ‘மாமனார்’ என்ற சொல் 6.3இல் எங்கும் இல்லை. பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் ‘நெருங்கிய குடும்பத்தார்’ யார் என்பது ஐந்து பக்கம் முன்னால் 1.2இல் இருக்கிறது, மனைவியின் பெற்றோர் அதில் வருகிறார்கள். அதேபோல, “புரொபேஷனில் இருப்பவருக்குத் துக்க விடுப்பு இல்லை” என்று மேலாளர் பழக்கத்தில் சொல்லக்கூடும். 1.1 அதற்குப் பதில் சொல்லிவிடுகிறது. ஆங்கில ஒப்பந்தங்களில் முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்ட சொல் எதைப் பார்த்தாலும், அதற்குத் தனி விளக்கம் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். தேடிப் பிடியுங்கள்.

அடுத்தது வினைச்சொல். ஆங்கிலத்தில் ‘ஷல்’, ‘வில்’, ‘என்டைட்டில்ட்’ என்று இருந்தால் அது உங்களுக்கு உரியது. ‘மே’ என்றோ ‘டிஸ்கிரிஷன்’ என்றோ இருந்தால், தருவதும் மறுப்பதும் அவர்கள் கையில். நம் தம்பியின் 6.3இல் இரண்டும் அடுத்தடுத்த வாக்கியங்களில் இருக்கின்றன. முதல் 3 நாள் உரிமை, அடுத்த 2 நாள் வேண்டுகோள். “பிரிவு 6.3இன்படி எனக்கு 5 நாள் உண்டு” என்று எழுதினால் அது தவறு. படிப்பவர் அந்தத் தவறைப் பிடித்துவிட்டால் சரியான 3 நாளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

‘வரை’ என்ற சொல்லும் இருக்கிறது பாருங்கள். 3 நாள் என்பது உச்ச வரம்பு. ஒரு நாள் போதுமே என்று யாராவது நினைக்க இடம் இருக்கிறது. அதனால் மூன்று நாளும் ஏன் தேவை என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது: பயணம், அடக்கம், மறுநாள் சடங்கு.

பிரிவில் இல்லாத உறவை அதற்குள் திணிக்காதீர்கள். பாட்டி, சித்தப்பா, பெரியப்பா ஆகியோர் பல கொள்கைகளில் இருப்பதில்லை. வளர்த்த பெரியப்பாவை ‘ஃபாதர்’ என்று எழுதிவிட்டு, பிறகு இறப்புச் சான்றிதழில் பெயர் பொருந்தாமல் மாட்டிக்கொள்வது வேலைக்கே ஆபத்து. அப்படிப்பட்ட நிலையில் “6.3இன் பட்டியலில் பெரியப்பா வரவில்லை என்பது தெரியும், என்னை வளர்த்தவர் என்பதால் ஆண்டு விடுப்பில் 3 நாள் கேட்கிறேன்” என்று நேராக எழுதுங்கள்.

ஒப்பந்தம் சட்டத்துக்குக் கீழே போகும் இடம்

தம்பிக்கு இன்னும் நாட்கள் தேவை. ஆண்டு விடுப்பைக் கேட்கலாம் என்றால், 6.1 “உறுதி செய்யப்படும்வரை கிடையாது” என்று கதவை மூடுகிறது. புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர் இதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள்.

வேலை நியமனச் சட்டத்தின் 88A பிரிவு வேறு சொல்கிறது. ஒரே முதலாளியிடம் குறைந்தது 3 மாதம் வேலை செய்தவருக்குச் சம்பளத்துடன் ஆண்டு விடுப்பு உண்டு. முதல் ஆண்டுக்கு 7 நாள், பிறகு ஆண்டுக்கு ஒன்றாகக் கூடி 14 வரை போகும். ஓராண்டு நிறையாதவருக்கு, முடித்த மாதங்களின் விகிதப்படி. புரொபேஷன் என்ற விதிவிலக்கு அங்கே இல்லை. 2019 ஏப்ரல் முதல் மேலாளர், எக்சிகியூட்டிவ் உட்பட எல்லாருக்கும் இது பொருந்தும். ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேறுபாடும் இல்லை. வீட்டுப் பணிப்பெண்கள், கடலோடிகள், அரசாங்க ஊழியர்கள் மட்டும் இந்தச் சட்டத்துக்கு வெளியே.

அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு, சட்டம் சொல்வதைவிடக் குறைவாகத் தரும் ஒப்பந்த விதி செல்லாது என்கிறது. “நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்” என்பது அதற்குப் பதில் ஆகாது. ஆனால் அந்தப் பிரிவில் ஒரு நுணுக்கம் உண்டு, இதில்தான் விவரம் தெரிந்தவர்களும் வழுக்குகிறார்கள். விதி எந்த அளவுக்குக் குறைவாக இருக்கிறதோ அந்த அளவுக்கு மட்டுமே செல்லாது. அதாவது, சட்டத்தின் 7 நாளில் உரிய பங்கு தம்பிக்குக் கிடைக்கும். ஒப்பந்தத்தின் 14 நாளைப் புரொபேஷனிலேயே எடுக்கும் உரிமை இதனால் வந்துவிடாது.

கணக்கு இப்படி: பிப்ரவரி 3 முதல் ஜூலை 2 வரை முடித்த மாதங்கள் 5. ஏழை ஐந்தால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் 2.92. அரை நாளும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு நாளாகக் கொள்ள வேண்டும், அதற்குக் குறைவானால் விட்டுவிடலாம். ஆகவே 3 நாள். பதினான்கை வைத்துக் கணக்குப் போட்டு 6 நாள் கேட்டிருந்தால் எச்ஆர் மறுப்பதற்கு நியாயம் இருந்திருக்கும். சட்ட வாசகத்தை `sso.agc.gov.sg` தளத்திலும், எளிய விளக்கத்தை `mom.gov.sg` தளத்திலும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். சட்டம் தருவது நாட்களுக்கான உரிமை, தேதிக்கான உரிமை இல்லை. “வேலை நெருக்கடி, இந்தத் தேதி வேண்டாம்” என்று நிறுவனம் சொல்லலாம். “உங்களுக்கு ஆண்டு விடுப்பே கிடையாது” என்று மூன்று மாதம் முடித்தவரிடம் சொல்லத்தான் முடியாது. கடிதத்தில் இந்த இரண்டையும் குழப்பாதீர்கள்.

கடிதம்

இப்போது தம்பிக்கு வேண்டியது 12 வேலை நாள். அதை நான்கு கூறாகப் பிரித்துக் கேட்க வேண்டும். மொத்தமாக “ஜூலை 9 முதல் 24 வரை விடுப்பு வேண்டும்” என்று கேட்டால், ஒரு பகுதிக்கான மறுப்பு எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும். பிரித்துக் கேட்டால் ஒவ்வொன்றும் தன் காலில் நிற்கும்.

உண்மையில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். மேற்கோளை நீங்களாகச் சுருக்கவோ மாற்றவோ கூடாது, கையேட்டில் இருக்கும் சொற்களை அப்படியே மேற்கோள் குறிக்குள் எடுத்துப் போடுங்கள். கடிதத்தின் ஓட்டம் தெரிவதற்காக இங்கே தமிழில்:

> பொருள்: துக்க விடுப்பும் தொடர் விடுப்பும், 2025 ஜூலை 9 – 24
>
> வணக்கம். என் மாமனார் (மனைவியின் தந்தை) நேற்றிரவு, ஜூலை 8 அன்று, இந்தியாவில் புதுக்கோட்டையில் காலமானார். இன்று திருச்சி விமானத்தில் கிளம்புகிறேன். கீழ்க்கண்டவாறு விடுப்புக் கோருகிறேன்.
>
> 1. ஜூலை 9, 10, 11 – துக்க விடுப்பு, 3 நாள். கையேடு (ஜனவரி 2025 பதிப்பு) பிரிவு 6.3: “நெருங்கிய குடும்பத்தார் இறந்தால் பணியாளருக்கு 3 வேலை நாள் வரை சம்பளத்துடன் துக்க விடுப்பு வழங்கப்படும்.” மனைவியின் பெற்றோர் பிரிவு 1.2இல் அடங்குவர். பிரிவு 1.1இன்படி புரொபேஷனில் உள்ளவருக்கும் இது பொருந்தும். பயணம், அடக்கம், மறுநாள் சடங்கு ஆகியவற்றுக்கு மூன்று நாளும் தேவை.
>
> 2. ஜூலை 14, 15 – அதே பிரிவின் வெளிநாட்டுச் சடங்குக்கான கூடுதல் 2 நாள். இது துறைத் தலைவரின் முடிவுக்கு உட்பட்டது என்பதை அறிவேன். சடங்கு இந்தியாவில் நடப்பதாலும், வீட்டில் வேறு ஆண்பிள்ளை இல்லாததால் காரியங்களை நானே செய்ய வேண்டியிருப்பதாலும் பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன். இயலாவிட்டால் இந்த 2 நாளைச் சம்பளமில்லா விடுப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.
>
> 3. ஜூலை 16, 17, 18 – ஆண்டு விடுப்பு, 3 நாள். பிரிவு 6.1, பணி உறுதிக்கு முன் ஆண்டு விடுப்பு இல்லை என்கிறது. 3 மாதம் முடித்தவர்களுக்கு வேலை நியமனச் சட்டம் 88A பிரிவின் கீழ் விகிதப்படி விடுப்பு உண்டு என்று புரிந்துகொள்கிறேன். 5 மாதத்துக்கு அது 3 நாள். சரிபார்த்துச் சொல்லுங்கள். 14 நாள் முன்னறிவிப்பு தர இயலவில்லை, 6.1இல் உள்ள அவசர நிலை விலக்கின் கீழ் கேட்கிறேன்.
>
> 4. ஜூலை 21 முதல் 24 வரை – பிரிவு 6.8இன் கீழ் சம்பளமில்லா விடுப்பு, 4 நாள். ஜூலை 23 அன்று பதினாறாம் நாள் காரியம்.
>
> இறப்புச் சான்றிதழை 6.3இன்படி திரும்பிய 7 நாட்களுக்குள் தருகிறேன். அதற்குள் கிடைக்கத் தாமதமானால், மருத்துவமனைச் சான்றை முதலில் தந்துவிட்டு, பதிவுச் சான்றைப் பிறகு தர அனுமதி வேண்டுகிறேன். ஜூன் மாதக் கணக்குக் கோப்புகளைச் சக ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டேன். என் இந்திய எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் தொடர்புகொள்ளலாம்.

மூன்றாவது பத்தியின் தொனியைப் பாருங்கள். “8ஆம் பிரிவின்படி உங்கள் விதி செல்லாது” என்று முதல் கடிதத்திலேயே எழுதத் தேவையில்லை. பல சிறு நிறுவனங்களின் கையேடு எங்கிருந்தோ நகலெடுத்தது, எச்ஆருக்கே அந்த வரி சட்டத்தோடு மோதுவது தெரியாமல் இருக்கும். “புரிந்துகொள்கிறேன், சரிபார்த்துச் சொல்லுங்கள்” என்றால் முகம் கெடாமல் திருத்திக்கொள்ள அவர்களுக்கு வழி இருக்கிறது. மறுத்துப் பதில் வந்தால் அடுத்த கடிதத்தில் 8ஆம் பிரிவைச் சொல்லலாம்.

தனக்குப் பாதகமான வரிகளையும் தம்பியே எடுத்துச் சொல்லியிருக்கிறார்: துறைத் தலைவரின் முடிவு, உறுதிக்கு முன் இல்லை என்ற விதி, 14 நாள் முன்னறிவிப்பு. இவற்றை மறைத்துவிட்டுச் சாதகமான பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. படிப்பவர் முழுப் பிரிவையும் திறந்து பார்ப்பார். நீங்களே சொல்லிப் பதிலும் தந்துவிட்டால் அவர் தேடிக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது.

பிரிவின் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைத்துவிடுங்கள். விடுப்பைப் பதிவுசெய்யும் செயலியில் குறிப்பு எழுத ஒரு சிறு கட்டம்தான் இருக்கும். அதில் “விவரம் மின்னஞ்சலில், பிரிவு 6.3, 6.1, 6.8” என்று போட்டு, நான்கு கூறையும் தனித்தனி விடுப்பு வகையாகப் பதிவுசெய்யுங்கள். புரொபேஷன் என்பதால் செயலியில் ஆண்டு விடுப்பு இருப்பு பூஜ்யம் என்று காட்டி ஏற்க மறுக்கலாம். அப்போது அந்தத் திரையையும் படம் எடுத்து மின்னஞ்சலில் சேர்த்துவிட்டால், எச்ஆர் கையால் பதிவுசெய்ய வேண்டியது புரியும்.

எஸ் பாஸ், ஒர்க் பெர்மிட்காரர்களுக்கு இன்னொரு வரியும் உதவும். ஊழியர் தொடர்ந்து குறைந்தது 7 நாள் வெளிநாட்டு விடுப்பில் இருந்தால், அந்த நாட்களுக்கு லெவி விலக்குக் கேட்டு மனிதவள அமைச்சுக்கு முதலாளி விண்ணப்பிக்கலாம். இது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்காது. ஆனால் சம்பளமில்லா விடுப்புக்குத் தயங்கும் மேலாளருக்குச் செலவு பற்றிய கவலையைக் குறைக்கும். “பயணச் சீட்டுப் பிரதியை லெவி விலக்குக்காகத் தருகிறேன்” என்று எழுதினால் போதும்.

அனுப்பிய பிறகு

கடிதம் அனுப்பாமல் விமானம் ஏறாதீர்கள். முன் அனுமதியோ நியாயமான காரணமோ இல்லாமல், அல்லது காரணத்தைத் தெரிவிக்கக்கூட முயலாமல், தொடர்ந்து 2 வேலை நாளுக்கு மேல் வராமல் இருந்தால் ஒப்பந்தத்தை மீறியதாகக் கருதலாம் என்று அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. சாங்கி விமான நிலையத்தில் செக்-இன் வரிசையில் நின்றபடி அனுப்பினாலும் சரி, நேரம் பதிவான ஒரு மின்னஞ்சல் இருக்க வேண்டும். மேலாளருக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தாலும் “நாம் பேசியபடி” என்று தொடங்கி எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

பதில் வராததை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் 3 நாள் உங்களுக்கு உரியது என்பதால் கிளம்புவதில் தவறில்லை. 2, 3, 4ஆம் கூறுகளுக்கு ஊர் போய்ச் சேர்ந்ததும் மறுபடி கேட்டு எழுத்தில் வாங்குங்கள். “சரி, போய்ட்டு வாங்க” என்று வாட்ஸ்அப்பில் வந்தால் “நான்கு கூறுக்கும் ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளலாமா?” என்று ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்.

சான்று விஷயத்தில் மாமனார், மாமியார் இறந்தால் ஒரு சிக்கல் உண்டு. இறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்காது. உறவைக் காட்ட இரண்டு தாள் தேவைப்படும்: உங்கள் திருமணச் சான்றிதழ், அப்புறம் மனைவியின் தந்தை பெயர் உள்ள ஏதாவது ஓர் ஆவணம். பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், தந்தை பெயர் அச்சான பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் போதும். தந்தையின் பெயர் ஒன்றில் இனிஷியலோடும் இன்னொன்றில் விரித்தும் இருந்தால், அதை ஒரு வரியில் விளக்கிவிடுங்கள். இந்தியாவில் இறப்பை 21 நாட்களுக்குள் பதிவுசெய்ய வேண்டும் என்று விதி. காரியம் முடிவதற்குள் யாராவது போய்ப் பதிவுசெய்துவிட்டால், திரும்பும்போதே சான்றிதழைக் கொண்டுவர வாய்ப்புண்டு.

கடைசியாக, ஜூலை மாதச் சம்பளச் சீட்டைத் திறந்து பாருங்கள். மாதத்தின் நடுவே சம்பளமில்லா விடுப்பு எடுத்தால், மாதச் சம்பளத்தை அந்த மாதத்தின் வேலை நாட்களால் வகுத்து, சம்பளத்துக்குரிய நாட்களால் பெருக்குவார்கள். 2025 ஜூலையில் ஐந்து நாள் வாரத்துக்கு 23 வேலை நாள். 3,450ஐ 23ஆல் வகுத்தால் நாளுக்கு 150 வெள்ளி. நான்கு கூறும் கேட்டபடி ஒப்புதலாகியிருந்தால் பிடித்தம் 4 நாளுக்கு 600 வெள்ளி. இரண்டாவது கூறு மறுக்கப்பட்டிருந்தால் 6 நாளுக்கு 900. 1,050 என்றோ 1,350 என்றோ பிடித்திருந்தால், ஆண்டு விடுப்பின் 3 நாளையும் சம்பளமில்லாததாகக் கணக்கிட்டுவிட்டார்கள் என்று உடனே தெரிந்துவிடும். ஒப்புதல் மின்னஞ்சலை இணைத்து, கூறு 3ஐச் சுட்டிக்காட்டி எச்ஆருக்கு எழுதுங்கள். அங்கே தீரவில்லையென்றால் டாடெம் எனப்படும் முத்தரப்புப் பிணக்கு நிர்வாகக் கூட்டணியில் சம்பளக் கோரிக்கை பதிவுசெய்யலாம். வேலையில் தொடர்பவருக்குப் பிரச்சினை நடந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம், வேலையை விட்டவருக்குக் கடைசி நாளிலிருந்து 6 மாதம். அங்கேயும் முதலில் கேட்பது ஒப்பந்தம், கையேட்டுப் பக்கம், நீங்கள் அனுப்பிய கடிதம், சம்பளச் சீட்டு ஆகியவற்றைத்தான்.